மாதத் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு? ஒரு ஷீட்டில் நாமே போட்டுப் பார்ப்போம்

என் தங்கை கணவர் பெர்சனல் லோன் வாங்கி ஒரு வருஷம் ஆனதும் வங்கி ஆப்பைத் திறந்து காட்டினார். "மச்சான், மாசம் தவறாம கட்டி 85 ஆயிரம் போயிருக்கு. மூணு லட்சத்துல வெறும் 43 ஆயிரம்தான் கழிஞ்சிருக்கு. மீதியை எல்லாம் அமுக்கிட்டாங்களா?" என்று கேட்டார். யாரும் அமுக்கவில்லை. ஆனால் அவருக்கு அதைப் புரியவைக்கக் கணக்கை வரிசையாகப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதே கணக்குதான் இது.

கடன் 3,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 15 சதவீதம், 60 மாதம். மாதத் தவணை 7,137 ரூபாய் வருகிறது.

முதல் மாதத்தைக் கையால் போடுங்கள்

ஆண்டுக்கு 15 என்றால் மாதத்துக்கு 1.25. ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒன்றேகால் வட்டி, நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய். மூன்று லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 3,750 ரூபாய். கட்டுவது 7,137. வட்டி போக மிஞ்சும் 3,387 ரூபாய்தான் அசலில் கழியும். கடன் மீதி 2,96,613.

இரண்டாம் மாத வட்டி மூன்று லட்சத்துக்கு இல்லை, இந்த மீதிக்குத்தான். அது 3,708. தவணை அதேதான் என்பதால் அசலுக்குப் போவது 3,429 ஆகிறது. மூன்றாம் மாதம் வட்டி 3,665, அசல் 3,472. வட்டி குறையக் குறைய, குறைந்த அந்தத் தொகை அப்படியே அசல் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

"வங்கிக்காரன் முதல்ல வட்டியை எடுத்துக்கிறான்" என்று பலரும் சொல்வார்கள். தனியாக அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு மாதமும் கையில் இருக்கும் கடனுக்கு மட்டுமே வட்டி. ஆரம்பத்தில் கடன் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. தவணையை மாறாத தொகையாக வைத்திருப்பதால் அசலுக்கு மிஞ்சுவது குறைகிறது, அவ்வளவுதான்.

ஷீட்டில் 60 மாதமும்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. B1-இல் கடன் தொகை, B2-இல் வட்டி, B3-இல் மாதங்கள், B4-இல் தவணை:

```
B1: 300000
B2: 15%
B3: 60
B4: =PMT(B2/12,B3,-B1)
```

6ஆம் வரிசையில் மாதம், தொடக்க மீதி, வட்டி, அசல், முடிவு மீதி என்று தலைப்பு வையுங்கள். 7ஆம் வரிசை முதல் மாதம்:

```
A7: 1
B7: =B1
C7: =B7*$B$2/12
D7: =$B$4-C7
E7: =B7-D7
```

அப்புறம் 8ஆம் வரிசை. இதில் முதல் இரண்டு கட்டம் மட்டும் வேறு:

```
A8: =A7+1
B8: =E7
```

C7, D7, E7 மூன்றையும் பிடித்து 8ஆம் வரிசைக்கு இழுங்கள். பிறகு 8ஆம் வரிசையை முழுதாக 66 வரை இழுத்தால் 60 மாதமும் வந்துவிடும். E66-இல் பூஜ்யம் வந்தால் கணக்கு சரி.

பெரும்பாலும் தவறுவது அந்த டாலர் குறியில்தான். அதை விட்டுவிட்டு இழுத்தால், இரண்டாம் மாத வட்டி B2-க்குப் பதிலாக B3-ஐப் போய்ப் பிடிக்கும். அங்கே இருப்பது 60. வட்டி 14,83,065 ரூபாய் என்று காட்டும்! அந்த எண்ணைப் பார்த்தால் பயப்பட வேண்டாம், C7-க்கும் D7-க்கும் திரும்பிப் போய் டாலரைச் சேர்த்து மறுபடி கீழே இழுங்கள்.

பட்டியலை எப்படிப் படிப்பது

முதல் ஐந்து மாதமும் தவணையில் பாதிக்கு மேல் வட்டி. ஆறாவது மாதத்தில்தான் முதல் தடவையாக அசல் முந்துகிறது: வட்டி 3,533, அசல் 3,604. 12 மாதத்தைக் கூட்டினால் கட்டியது 85,644, அதில் வட்டி 42,086, அசல் 43,558. தங்கை கணவர் பார்த்து அதிர்ந்த எண் இதுதான்.

அதே 85,644 ரூபாயைக் கடைசி ஆண்டிலும் கட்டுகிறோம். அங்கே வட்டி வெறும் 6,571, மீதி 79,073-உம் அசல். அறுபதாவது தவணையில் வட்டி 88 ரூபாய்தான்.

இன்னொன்று கவனியுங்கள். 30 மாதம் முடிந்தால் பாதிக் கடன் அடைந்துவிட்டது என்றுதான் மனசு கணக்குப் போடும். பட்டியலில் 30ஆம் மாத மீதி 1,77,632. மீதி ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்குவது 36ஆம் தவணையில்தான்.

வங்கிப் பட்டியலோடு ஒப்பிடும்போது

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, தவணைப் பட்டியலோடு, கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்து வைத்து உங்கள் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். ரூபாய்க் கணக்கில் ஒன்றிரண்டு தள்ளி இருந்தால் அது முழு ரூபாய் ஆக்கியதால் வருவது. முதல் மாத வட்டி மட்டும் மாறினால், கடன் கைக்கு வந்த நாளுக்கும் முதல் தவணை நாளுக்கும் இடையே சரியாக ஒரு மாதம் இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் வட்டி மாதத்துக்கு மாதம் குறையாமல் ஒரே தொகையாக நின்றால் அது ஃபிளாட் வட்டி. 15 சதவீதம் ஃபிளாட் என்றால் ஐந்து ஆண்டுக்கும் மூன்று லட்சத்துக்கே வட்டி போட்டு 2,25,000 சேர்ப்பார்கள், தவணை 8,750 ஆகும். நம் முறையில் கணக்கிட்டால் அது 24 சதவீதத்தையும் தாண்டிய வட்டி. வாய்வார்த்தையாக "15 தான் சார்" என்று சொல்பவரிடம் ஃபிளாட்டா, குறையும் மீதிக்கா என்று முதலில் கேளுங்கள்.

கையில் 50,000 வந்தால்

போனஸோ சீட்டுப் பணமோ வந்தது என்று வைத்துக்கொள்வோம். 12ஆம் தவணை முடிந்ததும் அந்த 50,000-ஐ அசலில் கட்டி, தவணைத் தொகையை மாற்றாமல் விட்டால், மிச்சம் இருக்கும் 48 மாதம் 37 ஆகச் சுருங்கும். கடைசித் தவணையும் ஆயிரத்துக்குள்தான். மிச்சமாகும் வட்டி சுமார் 34,750 ரூபாய். அதே 50,000-ஐ 48ஆம் தவணைக்குப் பிறகு கட்டினால் மிச்சம் 5,600 அளவில்தான். பட்டியலின் கீழ்ப்பகுதியில் வட்டியே இல்லாதபோது எதை மிச்சம் பிடிப்பது?

ஷீட்டில் இதைச் செய்து பார்க்க, E18-இல் இருக்கும் சூத்திரத்தின் முடிவில் -50000 சேர்த்தால் போதும். 55ஆம் வரிசையிலிருந்து மீதி மைனஸாகும். கடன் அங்கே முடிந்தது, அதற்குக் கீழே வருவதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கட்டும் முன் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பெர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால், முன்கூட்டிக் கட்ட ஒரு கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடலாம். மிச்சமாகும் வட்டியிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். அடுத்தது, தவணையைக் குறைப்பார்களா, மாதங்களைக் குறைப்பார்களா என்பது. மாதங்களை 48 ஆகவே வைத்துத் தவணையை 5,745 ஆகக் குறைத்தால், மேலே சொன்ன 34,750 ரூபாய் மிச்சம் 16,800 அளவுக்கு இறங்கிவிடும். தங்கை கணவர் இதைப் பார்த்துவிட்டு, "மாசத்தைக் குறைக்கவும்" என்று கோரிக்கைத் தாளில் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.