வெசாக் கூட்டின் படத்தில் குறுக்கே ஓடும் கயிற்றையும் வயரையும் நீக்குவது எப்படி?

வெசாக் கூட்டைப் படமெடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். மூங்கில் சிலாகைகளும் டிஷ்யூ கடதாசியும் உள்ளிருந்து வரும் வெளிச்சமும் அழகாகப் பதிந்திருக்கும். ஆனால் கூட்டை ஏற்றி இறக்கும் நைலோன் கயிறு வானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். மின்குமிழுக்குப் போகும் வயரோ கூட்டின் முகத்தின் மேலேயே விழுந்து கிடக்கும்.

ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகச் செய்து பார்ப்போம். மே மாதப் பௌர்ணமி மாலை, பொழுது சாய்ந்த சற்று நேரத்தில் எடுத்த படம். சிங்களத்தில் ‘அட்டபட்டம’ என்று சொல்லும் எண்பட்டைக் கூடு, மாமரக் கிளையில் கட்டிய கப்பியிலிருந்து தொங்குகிறது. கயிறு கூட்டின் உச்சியிலிருந்து நேரே மேலே போய், கப்பியைச் சுற்றி, சரிவாக இறங்கி விறாந்தைத் தூணில் கட்டப்பட்டிருக்கிறது. வயர், சன்னலிலிருந்து வந்து கூட்டின் வலப்பக்க முகத்தைக் கடந்து அடிப்பக்கமாக உள்ளே நுழைகிறது. இங்கே பயன்படுத்துவது GIMP 2.10, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்.

முதலில் எதை நீக்குவது, எதை விடுவது என்று தீர்மானியுங்கள். கூட்டிலிருந்து நேரே மேலே போகும் கயிற்றை நான் தொடுவதில்லை. அதையும் எடுத்துவிட்டால் கூடு அந்தரத்தில் நிற்கும்; பார்ப்பவர் அதை வெட்டி ஒட்டிய படம் என்றே நினைப்பார். சரிவாக இறங்கும் கயிறும் முகத்தின் மேல் கிடக்கும் வயரும் மட்டும் போகட்டும்.

படி 1: கயிற்றைத் துண்டுகளாகப் பாருங்கள்

படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்திப் பாருங்கள். அது ஒரே கயிறுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது ஒன்றல்ல: முதலில் மா இலைகள், அடுத்து வெறும் வானம், கடைசியில் ஓட்டுக்கூரையின் விளிம்பு. ஒவ்வொன்றையும் மீட்கும் முறை வேறு. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே பிரஷ்ஷால் இழுப்பவர்களின் படம்தான் இடையிடையே கறை படிந்ததுபோல் ஆகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கைபேசிக் கமராக்கள் படத்தைக் கூர்மைப்படுத்தும்போது, கருத்த கயிற்றின் இரு ஓரத்திலும் மெல்லிய வெளிர்கோடு விழுந்துவிடும். நம் படத்தில் கயிற்றின் தடிப்பு ஏறக்குறைய 8 பிக்சல் என்றால், அந்த வெளிர்கோடுகளையும் சேர்த்து 14 பிக்சல் வரை வரும். ஆகவே பிரஷ்ஷின் அளவு 20 பிக்சலாவது இருக்க வேண்டும். கயிற்றின் அளவுக்கே பிரஷ் வைத்தால் கயிறு போய்விடும், அதன் இரண்டு ஓரங்களும் ஆவிபோல் அங்கேயே நிற்கும்.

படி 2: மூலப்படத்தைக் காப்பாற்றுங்கள்

`Shift+Ctrl+D` அழுத்தினால் படம் இருக்கும் லேயர், அதாவது அடுக்கு, பிரதியாகும். வேலையெல்லாம் இந்தப் பிரதியில்தான். அதற்கு மேலே `Shift+Ctrl+N` அழுத்தி, `Fill with` என்ற இடத்தில் `Transparency` தெரிந்தெடுத்து, ஒரு வெற்று லேயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுப்புற நிறத்தோடு கலந்து நிரப்பும் Heal கருவி வேலை செய்ய அதே லேயரில் படம் இருக்க வேண்டும், எனவே அது பிரதி லேயரில். ஓரிடத்தை அப்படியே இன்னோரிடத்தில் பிரதி எடுக்கும் Clone கருவி வெற்று லேயரிலும் வேலை செய்யும். அதன் அமைப்பில் `Sample merged` என்பதை மட்டும் தேர்வு செய்துவிடுங்கள்.

படி 3: வானம்

இது எளிது. பிரதி லேயரைத் தெரிந்தெடுத்து `H` அழுத்துங்கள். அளவு 20, `Hardness` 50 அளவில், `Alignment` என்பதில் `Aligned`. மாலை வானம் மேலே கருநீலமாகவும் கீழே வெளிறியும் இருக்கும். ஆகவே மாதிரியைக் கயிற்றுக்கு மேலேயோ கீழேயோ எடுக்காமல், அதே உயரத்தில் பக்கவாட்டில் எடுங்கள். `Ctrl` அழுத்தியபடி கயிற்றிலிருந்து 50 பிக்சல் அளவு தள்ளி ஒரு கிளிக். பிறகு கயிற்றின் மேல் ஒரு கிளிக், சற்றுத் தள்ளி `Shift` அழுத்தியபடி இன்னொரு கிளிக். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி நேர்கோடாக நிரம்பிவிடும். கயிறு சற்றே தொய்ந்து வளைந்திருக்கும் என்பதால் சிறு சிறு துண்டுகளாகப் போங்கள்.

இலைக்கோ கூரைக்கோ பிரஷ் அளவு தூரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். Heal கருவி மாதிரியிலிருந்து எடுப்பது தோற்றத்தின் சொரசொரப்பை. நிறத்தை அது பிரஷ்ஷைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பிரஷ்ஷின் ஓரம் செம்மண் நிற ஓட்டைத் தொட்டால், அந்தச் செம்மை வானத்துக்குள் ஊறிவிடும். விளிம்பருகே மங்கலான கறை தெரிந்தால் காரணம் இதுதான். `Ctrl+Z` அழுத்திவிட்டு அந்த இடத்தை அடுத்த படிக்கு விட்டுவிடுங்கள்.

படி 4: விளிம்பும் இலைகளும்

மேலே உள்ள வெற்று லேயருக்கு மாறி `C` அழுத்துங்கள். Clone இருப்பதை உள்ளபடியே பிரதி எடுப்பது, நிறம் கலக்காது.

கூரை விளிம்புக்கு `F` அழுத்தி Free Select கருவியால் வானத்தின் பக்கத்தை மட்டும், ஓட்டின் ஓரத்தை ஒட்டியே சுற்றித் தெரிந்தெடுங்கள். `Feather edges` 1 பிக்சல் போதும். இப்போது பிரஷ் கோட்டைத் தாண்டினாலும் ஓட்டின் மேல் ஒன்றும் படாது. வானத்தை நிரப்பியபின் `Ctrl+I` அழுத்தினால் தெரிவு மறுபக்கத்துக்கு மாறும். அதே வேலையை ஓட்டுப்பக்கத்தில் செய்யுங்கள். ஓடுகள் வரிசை வரிசையாக வளைந்து போவதால், மாதிரியை ஓர் ஓட்டின் வளைவு உச்சியில் எடுத்தால் பக்கத்து ஓட்டின் வளைவு உச்சியில்தான் முதல் கிளிக்கை வைக்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் வரிசை உடைந்து தெரியும்.

இலைகளில் இவ்வளவு கறார் வேண்டாம். ஆனால் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே இலை மூன்று இடத்தில் முளைக்கும். சில கிளிக்குகளுக்கு ஒருமுறை மாதிரியை மாற்றுங்கள். கூட்டின் வெளிச்சம் பட்டு மஞ்சள் ஓரம் கொண்ட இலைகளை, வெளிச்சம் படாத மேற்கிளைக்குக் கொண்டுபோகாதீர்கள். வேலை முடிந்ததும் `Shift+Ctrl+A` அழுத்தித் தெரிவை நீக்கிவிடுங்கள்.

படி 5: கூட்டின் முகம்

கடினமான இடம் இதுதான். உள்ளே எரியும் மின்குமிழின் வெளிச்சம் கடதாசியின் நடுவில் வெண்மஞ்சளாகவும் ஓரத்தில் செம்மஞ்சளாகவும் படிப்படியாகக் குறையும். அதன் மேல் வயர் கருங்கோடாகக் கிடக்கிறது. போதாக்குறைக்கு ஒரு மூங்கில் சிலாகையையும் கடக்கிறது. Heal போட்டால் சிலாகை கரைந்துவிடும். Clone போட்டால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் பொருந்தாமல் திட்டுத்திட்டாகும்.

இங்கே கூட்டின் அமைப்பே கைகொடுக்கும். எண்பட்டைக் கூட்டை நேர்முன்னால் நின்று எடுத்திருந்தால், நடு முகத்துக்கு இடப்பக்க முகமும் வலப்பக்க முகமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மின்குமிழ் நடுவில் தொங்குவதால் வெளிச்சமும் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே விதமாக விழும். வயரில்லாத இடப்பக்க முகத்தை வலப்பக்கத்துக்குக் கொண்டுவருவோம்.

பிரதி லேயரைத் தெரிந்தெடுத்து, `F` கருவியால் இடப்பக்க முகத்தைச் சிலாகைகளோடு சேர்த்துச் சுற்றுங்கள். பிறகு:

```
Ctrl+C
Edit > Paste as > New Layer
```

`Shift+Ctrl+A` அழுத்தித் தெரிவை நீக்கிவிட்டு, புதிய லேயரின் மேல் `Shift+F` அழுத்தி ஒரு கிளிக் செய்தால் அது இடவலமாகத் திரும்பும். லேயரின் `Opacity` அளவை 50க்குக் குறைத்து, `M` கருவியால் வலப்பக்க முகத்தின் மேல் நகர்த்துங்கள். கையால் கட்டிய கூடு என்பதால் மூலைகள் அச்சாகப் பொருந்தா. `Shift+P` அழுத்தி Perspective கருவியால் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து, சிலாகையின் மேல் சிலாகை வந்து உட்காரும்வரை சரிசெய்து, `Opacity` அளவை மறுபடி 100 ஆக்குங்கள்.

முழு முகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. `Layer > Mask > Add Layer Mask` சென்று `Black` தெரிந்தெடுத்தால் ஒட்டிய முகம் மறைந்துவிடும். இப்போது வெள்ளை நிறத்தில், மென்மையான பிரஷ்ஷால் வயரின் மேல் மட்டும் பூசுங்கள். பூசிய இடத்தில் வயர் மறைந்து தூய கடதாசி தெரியும். பூசும் பட்டை குறுகலாக இருக்கட்டும். கடதாசியின் சுருக்கம், பசை தடவிய கோடு, உள்ளே தொங்கும் வயரின் மங்கலான நிழல் போன்றவை ஒவ்வொரு முகத்திலும் வேறு வேறு. அகலமாகப் பூசினால் இடப்பக்கத்தின் சுருக்கம் அப்படியே வலப்பக்கத்திலும் வந்து நிற்கும், பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

பூசிய பட்டை சுற்றுப்புறத்தைவிட வெளிறியோ கருத்தோ தெரிந்தால், மாஸ்க்கை அல்லாமல் லேயரின் சிறுபடத்தைக் கிளிக் செய்து `Colors > Curves` திறந்து, கோட்டின் நடுப்பகுதியைச் சற்றே மேலோ கீழோ இழுங்கள். பெரும்பாலும் மிகச் சிறிய அசைவே போதும்.

பக்கவாட்டில் நின்று எடுத்த படத்துக்கு இந்த வழி உதவாது. இரண்டு முகங்களும் வெவ்வேறு அகலத்தில் தெரியும்; இழுத்துப் பொருத்தினாலும் கடதாசியின் இழை நீண்டு காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட படத்தில் சிலாகையைச் சிலாகையின் நீளவாக்கிலேயே Clone செய்து, பிறகு கடதாசியைச் சிலாகைக்கு ஒரு பக்கமாகவும் மறுபக்கமாகவும் தனித்தனியே Heal செய்யுங்கள். நேரம் பிடிக்கும், வேறு குறுக்குவழி இல்லை.

படி 6: சோதனை

கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். `Layer > New from Visible` கொடுத்து, அந்தப் புதிய லேயரைப் பட்டியலின் உச்சியில் வைத்து, `Colors > Curves` சாளரத்தில் கோட்டைச் செங்குத்தாக வளையுங்கள். மாறுபாடு கூடியதும் வானத்தில் விட்ட திட்டுகள் வரிசையாக வெளிப்படும். இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த லேயரை நீக்கிவிட்டு, உரிய லேயரில் திருத்துங்கள். `View > Flip & Rotate > Flip Horizontally` கொடுத்தும் ஒருமுறை பாருங்கள். பழகிப்போன கண் தவறவிட்டது அப்போது தென்படும்.

நீக்கிய கயிற்றின் நிழலையும் தேடுங்கள். கூட்டின் வெளிச்சத்தில் அது விறாந்தைச் சுவரில் சாய்கோடாக விழுந்திருக்கும். சன்னல் கண்ணாடியிலும் கயிறு பிரதிபலித்திருக்கலாம். சுவரில் Heal, கண்ணாடியின் சட்டத்தருகே Clone. தூணில் கயிறு சுற்றிய முடிச்சையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் `File > Save` கொடுத்து XCF கோப்பாக ஒன்று, `File > Export As` கொடுத்து JPEG ஆக ஒன்று சேமியுங்கள். JPEG தரத்தை 90க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் மாலை வானத்தின் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாக உடைந்து, நீங்கள் Heal செய்த இடம் முதலில் தெரியும்.