மங்கிக் கிடந்த ஹாட்ஸ்பாட் பொத்தான்

அண்ணன் துபாயிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்த ஆண்ட்ராய்டு போன் முழுக்க அரபியில் இருந்தது. போனின் இணையத்தை மடிக்கணினிக்குப் பகிரும் ஹாட்ஸ்பாட் பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, தொட்டாலும் அசையவில்லை. சிம்மைக் கழற்றி மாட்டினேன், சிம் நிறுவனத்தின் இணைய இணைப்பு அமைப்பான ஏ.பி.என்.-ஐயும் மாற்றினேன். மூன்று நாள் வீணானது.

மேல்பட்டையில் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருந்ததை நாங்கள் பொருட்படுத்தவே இல்லை. அது டேட்டா செலவைக் குறைக்கும் டேட்டா சேவர் வசதியின் அடையாளம். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இயங்கும்வரை ஹாட்ஸ்பாட் திறக்காது. அமைப்புகளில் உலக உருண்டைப் படமுள்ள வரியைப் பிடித்து மொழியைத் தமிழாக்கியதும், பொத்தானுக்குக் கீழே அந்தக் காரணமே எழுதியிருந்தது. டேட்டா சேவரை அணைத்தேன். மடிக்கணினிக்கு உடனே இணையம் கிடைத்தது. அப்பாடா!

பிறகு டேட்டா வரம்பு; அதைத் தொட்டதும் போனே இணையத்தை நிறுத்திவிடும். போன் அதை மாதக் கணக்கில் எண்ணுகிறது. தினம் 1.5 ஜிபி திட்டம்தானே என்று 1.5 வைத்தால் இரண்டாம் நாளே இணையம் நின்றுவிடும். 30 நாளுக்குக் கணக்கிட்டு 45 ஜிபி வைத்திருக்கிறேன்.