முந்தைய வேலையிலிருந்து நீக்கப்பட்டதைச் சொல்லும்போது நேரும் தவறுகள்

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தவருக்கு, நேர்காணலுக்கு முன்பே மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு போன் வரும். எந்த ஊர், கடைசியாக என்ன சம்பளம் வாங்கினீர்கள், இரவு ஷிப்டுக்கு வர முடியுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?” என்பார்கள். தானாக விலகி வந்தவர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார். பணிநீக்கம் செய்யப்பட்டவருக்கு அந்த இடத்தில் நாக்கு எழாது. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேர்வு செய்வதே என் வேலை. நீக்கப்பட்டார் என்பதற்காகவே ஒருவரைத் தள்ளிவிடுவது நாங்கள் அடிக்கடி செய்வதில்லை. அதை அவர் சொல்லும் விதம்தான் பல நல்ல வேலையாட்களின் வாய்ப்பைக் கெடுக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பும் பொய்தான் முதல் தவறு. “அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு” என்று மாமா சொல்லியிருப்பார். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் என்றால் “வளைகுடாவுக்குப் போக முயற்சி செய்தேன்” என்பார்கள். ஊரில் தலைகுனிவு வந்துவிடக்கூடாது என்று கட்டிய கதை அப்படியே எங்கள் காதுக்கும் வந்துசேரும். அதில் உள்ள பாசம் புரிகிறது. ஆனால் வேலை கொடுக்கிறவர் அந்தக் கதையைச் சரிபார்க்க வழி இருக்கிறது. வருங்கால வைப்புநிதிக் கணக்கின் உறுப்பினர் தளத்தில் `View` என்பதற்குள் `Service History` என்று ஒரு பக்கம் உண்டு. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது அதில் இருக்கும். நீக்கப்பட்ட கதை முழுவதும் அங்கே எழுதப்பட்டிருக்காது. ஆனால் மார்ச்சில் முடிந்த வேலையை ஜூலை வரை இழுத்துச் சொன்னவர் அங்கேயே பிடிபடுவார். இன்னொரு வழி போன். கங்கைகொண்டான், நாங்குநேரி, தூத்துக்குடி என்று வேலை வட்டம் இங்கே சிறியது. மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் “மேற்கண்ட விவரங்கள் உண்மை, தவறென்று தெரிந்தால் நிறுவனம் நடவடிக்கை எடுக்கலாம்” என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சேர்ந்து ஆறு மாதம் கழித்து உண்மை தெரியவந்தாலும், அந்த வரியை வைத்தே இரண்டாம் முறை வேலை போகும். முதல் பணிநீக்கத்துக்காவது விளக்கம் சொல்ல முடியும். பொய் சொன்னதால் வந்த பணிநீக்கத்துக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

உங்களுக்கு நடந்தது எது என்று உங்களுக்கே தெளிவாக இல்லாமல் பேசுவது அடுத்த தவறு. வேலை போன வேதனையில் எல்லாவற்றையும் “என்னைத் தூக்கிவிட்டார்கள்” என்று ஒரே மாதிரி சொல்லிவிடுகிறோம். தகுதிகாண் காலம் முடிந்தபோது நிரந்தரம் ஆக்காமல் அனுப்பியிருக்கலாம். ஆர்டர் குறைந்து பத்துப் பேரை ஒன்றாக அனுப்பியிருந்தால் அது ஆட்குறைப்பு, உங்கள் நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, விசாரணை நடத்தி நீக்கியிருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை. “நீங்களே எழுதிக்கொடுத்துவிடுங்கள்” என்று நிர்வாகம் சொல்லி நீங்கள் ராஜினாமா கொடுத்திருந்தால் காகிதத்தில் அது ராஜினாமாதான். ஆனால் “அவர்கள் கேட்டுக் கொடுத்தீர்களா?” என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். போனை எடுப்பதற்கு முன்பே உங்களிடம் இருக்கும் கடிதத்தை எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவையுங்கள். ஆட்குறைப்பில் வந்தவர் தன்னைத் தண்டனை பெற்றவராகச் சொல்லி வாய்ப்பை இழப்பதும் நடக்கிறது.

இனி நான் அதிகம் பார்க்கும் தவறு: கேட்டதற்கு மேல் பேசுவது. ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். அம்பாசமுத்திரம் பக்கத்து இளைஞர் ஒருவர் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் உதவியாளர். லாரியில் வரும் உதிரிபாகங்களை எண்ணி, சலானுடன் ஒப்பிட்டு, கணினியில் வரவு வைக்க வேண்டும். மாதக் கடைசியில் வண்டிகள் வரிசையில் நின்றபோது, எண்ணாமல் சலானில் இருந்த எண்ணிக்கையையே பதிந்துவிட்டார். சலானில் 500 என்று இருந்தது, உள்ளே வந்தது 460. ஆண்டுக் கணக்கெடுப்பில் 40 குறைந்தது. எந்த வண்டியில் குறைந்தது என்று சப்ளையரிடம் கேட்கவும் நாள் கடந்துவிட்டது. நோட்டீஸ் வந்தது, விளக்கம் கொடுத்தார், நீக்கப்பட்டார். திருட்டு என்று அவர்மீது புகார் இல்லை.

இவர் போனில் இப்படித்தான் தொடங்குவார்: “மேடம், அது ஒரு பெரிய கதை. எங்கள் மேனேஜருக்கு முதலிலிருந்தே என்மேல் பிடித்தம் இல்லை. ஸ்டோர்ஸில் மூன்று பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். செக்யூரிட்டியும் வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை...” இதில் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதிர்முனையில் இருப்பவர் காதில் விழுவது வேறு: மேனேஜருடன் தகராறு, பழியைப் பிறர்மேல் போடும் பழக்கம், பொருள் காணாமல் போனது. அவர் கேட்காத செக்யூரிட்டியை இவரே இழுத்துவந்ததால், திருட்டோ என்ற சந்தேகம்கூட எழும்.

அதே இளைஞர் இப்படிச் சொல்லியிருக்கலாம்: “என்னைப் பணிநீக்கம் செய்தார்கள், மேடம். ஸ்டோர்ஸில் வந்த சரக்கை எண்ணாமல், சலானில் இருந்ததை அப்படியே பதிந்துவிட்டேன். கணக்கெடுப்பில் 40 உருப்படி குறைந்தது. தவறு என்னுடையது. இப்போது வேலை பார்க்கும் கடையில் சலானைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணி எழுதிவிடுகிறேன், அதற்குப் பிறகுதான் ஒப்பிடுகிறேன்.”

இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. நீக்கப்பட்டேன் என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. கேட்பவர் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. காரணம் ஒரு செயலாகச் சொல்லப்படுகிறது. “சின்னப் பிரச்சினை”, “கருத்து வேறுபாடு” என்று மூடவில்லை. மூடினால் கேட்பவர் மனம் தானாகவே அதைவிடப் பெரியதை நினைத்துக்கொள்ளும். கடைசி வாக்கியம்தான் இந்தப் பதிலின் உயிர். “பாடம் கற்றுக்கொண்டேன்” என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதை எங்களால் சோதிக்க முடியாது. சலானைப் பார்க்காமல் முதலில் எண்ணுவது ஸ்டோர்ஸ் வேலை தெரிந்தவர்கள் செய்யும் முறை. எண்ணிக்கை முன்கூட்டியே கண்ணில் பட்டுவிட்டால் கை அதற்கேற்பத்தான் எண்ணும். இதைச் சொல்பவருக்கு அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்பது உண்மையிலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் இப்போது நிஜமாகச் செய்வதை மட்டுமே அந்த இடத்தில் சொல்லுங்கள். செய்யாததைச் சொன்னால் நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். எதிர்முனையில் சில நொடிகள் சத்தம் இருக்காது, அவர் குறிப்பெழுதிக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பலர் மேனேஜர் கதைக்குள் போய் விழுகிறார்கள். கூடுதலாக வேண்டுமென்றால் அவரே கேட்பார். “பணம் பிடித்தார்களா?”, “விசாரணை நடந்ததா?”, “அங்கே யாரிடம் பேசலாம்?” என்பவைதான் பெரும்பாலும் வரும் துணைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும். “பொருள் எடுத்ததாக என்மீது புகார் எதுவும் இல்லை” என்பதை இந்தக் கட்டத்தில் சொல்லலாம், கடிதத்திலும் அப்படித்தான் இருந்தால். மேனேஜருடன் பேச வேண்டாம் என்று தோன்றினால், உங்கள் வேலையை நேரில் பார்த்த ஷிப்ட் பொறுப்பாளரின் பெயரை, அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கொடுக்கலாம்.

நேர்மை என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பக்கம் சாய்வோரும் உண்டு. நீங்கள் அந்தத் தவறைச் செய்யவே இல்லை, பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது என்றால், வேலை கிடைக்க வேண்டுமே என்று “தவறு என்னுடையது” என்று சொல்லாதீர்கள். நீங்கள் மறுக்கும் ஒன்றை ஒப்புக்கொள்வதும் பொய்தான், வழக்கில் நீங்கள் கொடுத்த மனுவுக்கும் அது முரண். “என்னை நீக்கினார்கள். காரணத்தை நான் ஏற்கவில்லை, வழக்கு நடக்கிறது. அதனால் விவரம் அதிகம் பேச இயலாது” என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு, வேலை குறித்த கேள்விகளுக்குப் போகலாம். அந்த நிறுவனத்தைத் திட்டுவதற்கு அந்தப் போன் இடமல்ல.

இந்தப் பதில் எல்லாக் கதவையும் திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கல்லாவில் பணம் குறைந்து நீக்கப்பட்டவருக்கு வண்ணார்பேட்டைக் கடையொன்றின் கல்லாவிலேயே மறுபடி இடம் கிடைப்பது கடினம். சரக்குப் பிரிவு, விநியோகம் என்று பணம் கையாளாத வேலைக்கு விண்ணப்பித்தால் அதே உண்மை அவ்வளவு தடையாக இருக்காது. குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்ததற்காக நீக்கப்பட்டவர் கிரேன் இயக்கும் வேலையைக் கேட்டால், எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பாதுகாப்புப் பிரிவு சம்மதிக்காது.

எழுத்தில் சொல்லும் இடங்களிலும் குழப்பம் வருகிறது. தற்குறிப்பில் வேலையை விட்ட காரணத்தை எழுத வேண்டியதில்லை. அங்கே அதை விடுவது மறைப்பதாகாது. விண்ணப்பப் படிவத்தில் “விலகிய காரணம்” என்று ஒரு கட்டம் இருந்தால் மட்டும் வெறுமையாக விடாதீர்கள். “பணிநீக்கம். நேரில் விளக்குகிறேன்” என்று எழுதினால் போதும். போனில் சொன்னதும், படிவத்தில் எழுதியதும், நேர்காணலில் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துத்தான் நாங்கள் படிக்கிறோம்.

நீக்கப்பட்டவர்களுக்குப் பணிவிடுப்புக் கடிதம் கிடைக்காமல் போவதுண்டு. அது இல்லை என்பதைக் கடைசி நாள் வரை சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, சேரும் நாளன்று திகைத்து நிற்காதீர்கள். “பணிவிடுப்புக் கடிதம் தரவில்லை. பணி நியமன ஆணை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம், வைப்புநிதிப் பக்கத்தின் நகல் ஆகியவை இருக்கின்றன, இவை போதுமா?” என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும். ஏற்காதவை அன்றே சொல்லிவிடும், நீங்களும் அடுத்த இடத்தைப் பார்க்கலாம்.