ஆழித் தேர் திரும்பும் மூலையில் போனோடு நிற்பவர்கள் செய்யும் தவறுகள்

திருவாரூர் ஆழித் தேரைப் படம் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் விடியற்காலையிலேயே கீழ வீதியில் தேர்நிலைக்கு முன்னால் இடம் பிடித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். வடம் பிடிக்கும் நேரத்தில் கூட்டம் மிக நெருக்கமாக இருப்பது அங்கேதான். "ஆரூரா, தியாகேசா" முழக்கம் எழுந்ததும் எல்லோர் கையும் மேலே போகும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தின் கீழ்ப் பாதி முழுக்க அடுத்தவர்களின் கைகளும் போன் திரைகளும்தான் இருக்கும். நானும் முதல் இரண்டு வருஷம் அங்கேதான் நின்றேன். அந்தப் படங்களில் தேர் இருக்கிறது, தேரோட்டம் இல்லை.

தேரோட்டத்தின் உயிர் மூலையில் இருக்கிறது. சுமார் 96 அடி உயரமும் 300 டன் எடையும் சொல்லப்படும் தேர், நான்கு வீதிகளைச் சுற்றி வர நான்கு முறை திரும்பியாக வேண்டும். அதன் சக்கரங்கள் காரின் சக்கரம்போலப் பக்கவாட்டில் திரும்பாது. இரும்புத் தகடுகளைப் பரப்பி, வழுக்க மசகு பூசி, அவற்றின்மேல் சக்கரத்தை ஏற்றி, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் தேரைத் திருப்புகிறார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் ஓரத்தில் குனிந்து நின்று வேலை செய்வதும் அப்போதுதான் நன்றாகக் கண்ணில் படும். முக்கியமாக, அது மெதுவாக நடக்கிற வேலை. போனில் எடுக்கிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. ஓடும் தேருக்கு ஒரு முயற்சிதான் கிடைக்கும், திரும்பும் தேருக்குப் பத்து கிடைக்கும்.

எந்த மூலை என்பதில் அடுத்த தவறு நேர்கிறது. தேர் வலமாகச் சுற்றுவதால் கீழ வீதியில் தெற்கு நோக்கி வந்து, தெற்கு வீதியில் மேற்காகத் திரும்புகிறது. காலையில் கிழக்கே இருக்கும் வெயில் கீழ வீதியில் வரும் தேரின் இடப்பக்கத்தில் விழும். எதிரே தெற்கில் நின்று வடக்கே பார்த்து எடுத்தால் தேரில் தொங்கும் துணித் தொம்பைகளும் மரச் சிற்பங்களும் பக்க வெளிச்சத்தில் புடைத்துத் தெரியும். தேர் தெற்கு வீதிக்குள் போன பிறகு அதன் முன்னால் ஓடிப்போய் எடுத்தால் வெயில் தேருக்குப் பின்னால் போய்விடுகிறது. முகப்பு கறுத்து, வானம் வெளுத்துவிடும். மாலையில் வடக்கு வீதியிலும் இதே கதைதான்: தேர் கிழக்கு நோக்கும், வெயில் மேற்கில் இருக்கும். அதனால் நான் தென்கிழக்கு மூலையைத்தான் தேர்ந்தெடுப்பேன், வெயில் உச்சிக்கு ஏறும் முன்.

இனி தூரம். தேர்ப் படங்கள் கெடுவதற்கு இதுதான் பெரிய காரணம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 96 அடி என்றால் ஏறக்குறைய 29 மீட்டர். போனின் முதன்மைக் கேமராவை நெட்டாகப் பிடித்தால், அண்ணாந்து சாய்க்காமல் தேர் முழுதும் அடங்க, தரையில் நிற்பவர் சுமார் 40 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே 15 மீட்டரில் நின்றுகொண்டு போனை மேலே சாய்த்தால் கலசம் வந்துவிடும். ஆனால் தேர் பின்னால் சாய்ந்து, உச்சி சிறுத்துப்போகும். ஓரத்து வீட்டுச் சுவர்களும் விளக்குக் கம்பங்களும் தேரை நோக்கிச் சரிந்து நிற்கின்றனவா என்று திரையில் பாருங்கள். சரிந்தால் நீங்கள் மிகக் கிட்டே நிற்கிறீர்கள். 0.5 லென்ஸுக்கு மாறினாலும் முழுத் தீர்வு கிடைக்காது. தேர் அடங்கும், ஆனால் படத்தின் ஓரங்கள் இழுபட்டு, அத்தனை பெரிய தேர் சின்னதாகத் தெரியும்.

உயரம் ஏறினால் இந்தக் கணக்கே மாறுகிறது. இரண்டாம் மாடியில், கண் மட்டம் 9 மீட்டரில் இருக்கும்போது, 30 மீட்டர் தூரமே போதும். கூட்டமும் மறைக்காது. மூலையை எதிரே பார்க்கும் மாடி இருந்தால் முந்தைய நாளே போய் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு இடம் கொடுத்த ஓர் அம்மா, "வாங்க தம்பி, ஆனா கைப்பிடிச் சுவர்ல மட்டும் சாயாதீங்க, பழைய சுவரு" என்று சொல்லித்தான் படியைக் காட்டினார். அதை நான் இப்போது எல்லா மாடியிலும் கடைப்பிடிக்கிறேன். ஏற்கெனவே ஆட்கள் நிரம்பிய மாடிக்கு ஏறவே வேண்டாம்.

அந்த மாடியிலிருந்து முழுத் தேரையும் எடுக்க வேண்டிய நேரம், அது மூலைக்கு வரும் முன்பு, இன்னும் 30 மீட்டர் தள்ளி இருக்கும்போது. பலர் திருப்பம் வரட்டும் என்று காத்திருந்து அதைத் தவறவிடுகிறார்கள். தேர் மூலைக்கே வந்ததும் முழுசாக அடங்காது. அப்போது முழுத் தேரை விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். தேர் பாதி திரும்பி நிற்கையில் முகப்பின் மரக் குதிரைகளும் இடப்பக்கச் சக்கரமும் ஒரே சட்டத்தில் வரும். தகட்டின்மேல் சக்கரம் வழுக்குவதும், வடம் விறைத்து இழுத்தவர்கள் பின்னால் சாய்வதும் அங்கே தெரியும். 2x லென்ஸ் இருந்தால் அதற்கு மேல் விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம். முட்டுக்கட்டைக்காரரின் முகம் மெழுகுபோலக் குழைந்துவிடும்.

சக்கரத்தை எடுக்க ஆசைப்பட்டுத் தரையில் கிட்டே போவது எல்லாவற்றிலும் மோசமான தவறு. மேற்காகத் திரும்பும்போது வடங்கள் மூலையின் உட்புறத்தை வாரிக்கொண்டு போகும். அங்கே நிற்பவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. வெளிமூலையிலும் தேரின் பின்பகுதி எதிர்பாராத பக்கம் அசையும். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கவனிக்க மாட்டார். வடத்துக்கும் தேருக்கும் இடையே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

வெளிச்சத்தைப் போனின் போக்கில் விட்டால் வானத்தைப் பார்த்துத் தேரை இருட்டாக்கும், அல்லது நிழலைப் பார்த்து மேலே உள்ள துணிகளை வெளுக்கவைக்கும். தேர் வரும் முன்பே, வெயில் படும் தொம்பைத் துணியில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்றப் போன்களில் பூட்டுச் சின்னம் வரும். பிறகு வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். சிவப்பும் மஞ்சளும் தம் நிறத்திலேயே நிற்கும். நிழல் பகுதியைப் பின்னால் கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன துணியை மீட்க முடியாது.

கடைசியாக, தொடர்ந்து வீடியோ எடுப்பது. பங்குனி வெயிலில் போன் சீக்கிரம் சுட்டுவிடும். முதலில் திரை மங்கும், பிறகு கேமரா தானே நின்றுவிடும். பெரும்பாலும் திருப்பம் தொடங்கும் அதே நிமிஷத்தில்தான் அது நடக்கிறது. தேர் வரும் வரை போனை நிழலில், உறையைக் கழற்றி வைத்திருங்கள். தகடு போடும் ஓசை கேட்டதும் எடுங்கள். தேர் அசையும் கணத்துக்கு அரை நிமிஷ வீடியோ ஒன்று, பிறகு படங்கள், மறுபடி நிழல்.