திறப்பு திரும்பவும் இல்லை, வெளியே வரவும் இல்லை: பாரம் ஏறிய ஸ்டியரிங் லொக்கை விடுவிப்பது

கோணேசர் கோவிலுக்கு ஏறும் வீதியில், முகம் கீழ்நோக்கி இருக்க, முன் இடது சில்லை ஓரக் கல்லில் அண்டி நிறுத்திவிட்டுப் போகிறீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்து திறப்பைப் போட்டால் அது ஒரு நூல் அளவு திரும்பி நின்றுவிடுகிறது. முன்னுக்கும் போகாது, இழுத்தால் வெளியேயும் வராது. ஸ்டியரிங்கும் இறுகிப்போய் நிற்கிறது. இந்த நேரத்தில் பலரும் திறப்பைத்தான் பலமாக முறுக்குவார்கள். அது தவறு. பிடித்திருப்பது திறப்பு அல்ல, ஸ்டியரிங். ஸ்டியரிங்கை விடுவித்தால் திறப்பு இரண்டு விரலுக்கே திரும்பும்.

உள்ளே என்ன நடக்கிறது

திறப்பு போடும் பூட்டின் பின்பக்கம், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டினாற்போல, ஓர் உலோக முளை இருக்கிறது. அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். நீங்கள் திறப்பை லொக் நிலைக்குக் கொண்டுவந்து வெளியே எடுத்ததும், ஸ்பிரிங் அந்த முளையைத் தண்டை நோக்கித் தள்ளும். தண்டைச் சுற்றியுள்ள வளையத்தில் வெட்டுகள் இருக்கும். வெட்டு நேரே இருந்தால் முளை உடனே விழும். இல்லாவிட்டால் வளையத்தின் மேல் அழுத்திக்கொண்டு காத்திருக்கும். பிறகு யாராவது ஸ்டியரிங்கைச் சற்று அசைத்ததும் 'டக்' என்று விழும். காரிலிருந்து இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்து எழும்புகிறவர்கள் தங்களை அறியாமலே இதைச் செய்கிறார்கள்.

மறுபடி திறப்பைத் திருப்பும்போது, பூட்டின் உருளை அந்த முளையை வெட்டிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டும். முளை சும்மா நின்றால் அது இலகுவான வேலை. ஆனால் சில்லு கல்லில் அண்டியிருந்தாலோ, நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பியதால் ரயர் முறுகியிருந்தாலோ, அந்த விசை தண்டு வழியாக மேலே வந்து வெட்டின் ஒரு சுவரை முளையின் மேல் அழுத்தும். சாத்திய கதவைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்க, இன்னொருவர் தாழ்ப்பாளை இழுக்கப் பார்ப்பது மாதிரி. தள்ளுகிறவர் கையை எடுக்கும்வரை தாழ்ப்பாள் அசையாது.

வெளியே வராததற்கும் இதுவே காரணம். பெரும்பாலான கார்களில் திறப்பு லொக் கோட்டில் நேராக நிற்கும்போது மட்டுமே கழன்று வரும். நீங்கள் பலமாக முறுக்கியதில் உருளை லொக் கோட்டிலிருந்து சற்றே விலகி, பாதி வழியில் இறுகி நிற்கிறது.

திறப்பைத் தொடும் முன்

வலது காலைப் பிறேக்கில் வைத்து, அழுத்தியபடியே வைத்திருங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது பிறேக்குக்கு உதவும் வெற்றிடம் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும், அதன் பின் பெடல் கல்லாகிவிடும். ஹேண்ட் பிறேக்கை முழுதாக இழுங்கள். ஓட்டோமற்றிக் என்றால் கியர் பி-யிலேயே இருக்கட்டும். மனுவல் என்றால் கியரில் இருக்கட்டும். பிள்ளைகளோ பெரியவர்களோ காருக்கு முன்னால் நின்றால் விலகச் சொல்லுங்கள். பூட்டு விடும் கணத்தில் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு சுழலக்கூடும். பெருவிரலை ஸ்டியரிங் கம்பிக்குள் நுழைக்காமல் வெளியே வைத்துப் பிடியுங்கள்.

படி 1: திறப்பிலிருந்து முறுக்கை எடுங்கள்

திறப்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் பிடித்து, மெல்ல லொக் பக்கமாகத் திருப்பி, உள்ளே முழுதாகத் தள்ளிவிடுங்கள். அரைகுறையாக நுழைந்த திறப்பும் திரும்பாது. குறடு, ஸ்பனர், கம்பி என்று எதையும் திறப்பில் போட வேண்டாம். திறப்பு வளைந்தால் அல்லது உள்ளே முறிந்தால், ஐந்து நிமிட வேலை பூட்டு மாற்றும் வேலையாகிவிடும்.

படி 2: எந்தப் பக்கம் பாரம் என்று கையால் கண்டுபிடியுங்கள்

முழு விஷயமும் இந்தப் படியில்தான் இருக்கிறது, ஆறுதலாகச் செய்யுங்கள். திறப்பைத் தொடாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து முதலில் இடப்பக்கம் மெல்ல அழுத்துங்கள், பிறகு வலப்பக்கம்.

ஒரு பக்கம் சுவரில் கை வைத்த மாதிரி இருக்கும். துளியும் அசையாது. வெட்டின் சுவர் ஏற்கெனவே முளையில் முட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பக்கம் போக இடமில்லை. மற்றப் பக்கம் அழுத்தினால் இறப்பரை முறுக்குவது போல ஒரு நெகிழ்ச்சி தெரியும். ஸ்டியரிங்கின் விளிம்பு கொஞ்சம் நகரும், விட்டால் திரும்பி வரும். அந்த நெகிழும் பக்கம்தான் நீங்கள் தள்ள வேண்டிய பக்கம். அப்படித் தள்ளும்போது ரயரின் விசையை உங்கள் கை வாங்கிக்கொள்கிறது, முளை தனியாகிறது.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முறுக்கிவிட்டு நிறுத்தியிருந்தால் பக்கத்தை ஊகிக்கவும் முடியும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினீர்களோ, பெரும்பாலும் அந்தப் பக்கமே திரும்பத் தள்ள வேண்டும். முறுகிய ரயர் அதற்கு எதிர்ப்பக்கம் போகத்தான் துடிக்கும். ஆனால் கல்லில் அண்டிய சில்லுக்கு இந்த ஊகம் பொருந்தாது. கல் ரயரின் எந்த இடத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து விசை எந்தப் பக்கமும் வரலாம். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்.

படி 3: நடுவில் பிடித்து, அப்போது திருப்புங்கள்

இடது கையால் ஸ்டியரிங்கை நெகிழும் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் திறப்பை லொக்குக்கு அடுத்த நிலையான ஏசிசி பக்கம் இலேசாகத் திருப்பிப் பாருங்கள். இலங்கைக் கார்களில் திறப்பு ஸ்டியரிங்கின் வலப்பக்கத்தில் இருப்பதால் இந்தக் கைகள் சரியாக அமையும்.

ஆரம்பத்தில் பலருக்கும் பிழைப்பது இங்கேதான். நெகிழும் பக்கம் போய் முட்டும்வரை தள்ளிவிடுவார்கள். அப்போது வெட்டின் மறுசுவர் முளையை அழுத்தும், திறப்பு முன்னைப் போலவே இறுகி நிற்கும். முளை இரண்டு சுவரையும் தொடாத இடம் நடுவில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் ஸ்டியரிங்கை மிக மெதுவாகத் தள்ளிக்கொண்டே போங்கள். திறப்பில் ஒரே அளவான சிறு அழுத்தத்தை விடாமல் வைத்திருங்கள். பாரம் நீங்கும் கணத்தில் திறப்பு தானாக விட்டுக்கொடுப்பது விரலில் தெரியும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் படபடவென்று உலுக்குவது சில வேளை பலிக்கும், ஆனால் பெரிய பாரம் இருக்கும்போது முளை அந்தச் சிறு இடைவெளியில் நிற்கும் நேரம் போதாது.

மேலே சொன்ன காரையே எடுத்துக்கொள்வோம். வலப்பக்கம் அழுத்தினால் துளியும் அசையவில்லை, இடப்பக்கம் நெகிழ்கிறது என்று வைப்போம். எஞ்சின் ஓடாததால் பவர் ஸ்டியரிங்கின் உதவி இல்லை, கீழ்நோக்கிய காரின் பாரம் முழுவதும் அந்த ஒரு ரயர் வழியாகக் கல்லில் தங்கியிருக்கிறது. ஒரு கை போதாமல் போகலாம். அப்போது நீங்கள் பிறேக்கை மிதித்தபடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்துப் பிடியுங்கள். கூட வந்தவர் வலக்கதவு வழியாகக் கையை நீட்டித் திறப்பைத் திருப்பட்டும். "இப்ப திருப்பு" என்று ஒருமுறை சொல்லி விடாமல், நீங்கள் மெல்லத் தள்ளிக்கொண்டே போக, அவர் திறப்பில் சிறு அழுத்தத்தைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். திறப்பு ஏசிசிக்கு வந்ததும் ஸ்டியரிங்கை உடனே கைவிடாதீர்கள். மெதுவாக அது போக விரும்பும் இடத்துக்கு விடுங்கள்.

படி 4: கையால் முடியாவிட்டால் ரயரின் பாரத்தை எடுங்கள்

இது மட்டமான, இறுகிய தரையில் மட்டும். சரிவில் செய்ய வேண்டாம்.

பின்சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள், ஹேண்ட் பிறேக் இழுத்திருக்கட்டும். யாரும் காருக்குள் இருக்கக் கூடாது. காரோடு வந்த ஜக்கை, முட்டி நிற்கும் முன்சில்லுக்குப் பின்னால் காரின் விளிம்பில் அதற்கென உள்ள இடத்தில் வைத்து, ரயர் தரையை விட்டு ஒரு விரல் அளவு கிளம்பும்வரை உயர்த்துங்கள். முறுகிய ரயர் தளர்ந்ததும் தண்டில் இருந்த விசையும் பெரும்பகுதி போய்விடும். இப்போது கதவு வழியாகக் கையை மட்டும் நீட்டிப் படி 2, 3 இரண்டையும் மறுபடி செய்யுங்கள். உடம்பின் எந்தப் பகுதியும் காருக்கு அடியில் போகக் கூடாது.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் நிறுத்தியிருந்தால் ஜக் புதைந்துவிடும். அங்கே வேறு வழி. திருப்பிய முன்சில்லுகளின் பக்கங்களில் குவிந்த மணல்தான் ஆப்புப் போல ரயரைப் பிடித்திருக்கும். இரண்டு முன்ரயர்களின் இரு பக்கமும் மணலைக் கையால் வாரி எடுத்துவிட்டாலே நெகிழ்ச்சி கூடிவிடும்.

சரிவில் நிற்கும் கார் இரண்டு பேராலும் விடாவிட்டால் மெக்கானிக்கை அங்கேயே கூப்பிடுங்கள். நியூற்றலுக்கு மாற்றி ஆட்களைக் கொண்டு தள்ளுவது ஆபத்து. ஸ்டியரிங் பூட்டிய கார் உருண்டால் அதைத் திருப்ப வழியே இல்லை.

பாரம் அல்ல என்று எப்படித் தெரியும்

ஸ்டியரிங் இரு பக்கமும் சமமாகச் சிறிது ஆடி முட்டுகிறது, நடுவில் எந்த இடத்தில் வைத்தாலும் திறப்பு திரும்பவில்லை என்றால், பிழை ஸ்டியரிங்கில் இல்லை. தேய்ந்த திறப்பாகவோ பூட்டுக்குள் உள்ள சிறு தகடுகள் சிக்கியதாகவோ இருக்கும். வீட்டிலிருக்கும் மற்றத் திறப்பைக் கொண்டுவந்து பாருங்கள், அதில் திரும்பினால் பழையது தேய்ந்திருக்கிறது. எண்ணெய் ஊற்ற வேண்டாம். கடற்கரை மணலும் தூசியும் அதில் ஒட்டிக் களியாகிவிடும்.

எஞ்சின் நின்றபின் திறப்பு ஏசிசி வரை வந்து, லொக்குக்குத் திரும்ப மறுத்தால் அதுவும் வேறு விஷயம். ஓட்டோமற்றிக்கில் கியர் முழுதாகப் பி-க்குப் போயிருக்காது, அல்லது பற்றரி இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை எவ்வளவு தள்ளினாலும் அதற்குப் பயனில்லை.

சரிவில் நிறுத்தும் ஒழுங்கு

சில்லைக் கல்லில் அண்டுவது நல்ல பழக்கம், அதை விட வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது வரிசையை. கீழ்நோக்கி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஓரக் கல்லின் பக்கம் திருப்பி, ரயர் கல்லைத் தொடும்வரை மெதுவாக உருளவிடுங்கள். உடனே கால் பிறேக்கை அழுத்தி, ஹேண்ட் பிறேக்கை முழுதாக இழுத்து, அதன் பிறகே காலைத் தளர்த்துங்கள். இப்போது காரின் பாரத்தை ஹேண்ட் பிறேக் தாங்குகிறது, கல் காவலுக்கு மட்டும் நிற்கிறது. ஓட்டோமற்றிக் என்றால் பிறகு கியரைப் பி-க்குப் போடுங்கள். எஞ்சினை நிறுத்தும் முன் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து, அது தானாகத் தளர்ந்து நிற்கவிடுங்கள். திறப்பை எடுத்தபின் இறங்கும்போது கதவுப் பக்கத்தைப் பிடித்து எழும்புங்கள், ஸ்டியரிங்கை அல்ல.