பச்சைப் புள்ளி, ஹலால், வீகன்: பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மகளின் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, லாங் பஜாரிலிருந்து வாங்கி வந்த தின்பண்டப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சுத்த சைவமான அத்தை ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதுல ஹலால்னு போட்டிருக்கே, கறி கிறி கலந்திருக்கா?" என்று கேட்டு அதைத் தள்ளி வைத்துவிட்டார். முன்பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

இதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. ஹலால் என்றால் இறைச்சி என்று நினைத்துக்கொள்வது. ஹலால் என்பது இஸ்லாமிய முறைப்படி உண்ணத் தகுந்தது என்று பொருள், அவ்வளவுதான். அரிசியும் கோதுமையும் பாலும் பழமும் ஹலால்தான். அப்படியானால் பிஸ்கட்டுக்கு எதற்குச் சான்றிதழ் என்றால், மலேசியா, இந்தோனேசியா, வளைகுடா நாடுகளில் விற்க அது தேவைப்படுகிறது அல்லது உதவுகிறது. அந்த நாடுகளுக்கு அனுப்பும் நிறுவனம் உள்ளூருக்கும் அதே உறையை அச்சடித்துவிடும். பச்சைப் புள்ளியும் ஹலால் முத்திரையும் ஒரே பாக்கெட்டில் இருந்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை, இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

சரி, பச்சைப் புள்ளி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மற்ற குழப்பமெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, விலங்கு, பறவை, பூச்சி, நீர்வாழ் உயிரினம் ஆகியவற்றின் முழு உடலோ பகுதியோ, அல்லது முட்டையோ, அல்லது விலங்கிலிருந்து கிடைக்கும் வேறு பொருளோ மூலப்பொருளாகச் சேர்ந்திருந்தால் அது அசைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அசைவம்தான். இதிலிருந்து சிலவற்றை விதியே விலக்கி வைத்திருக்கிறது: பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, கார்னூபா மெழுகு, ஷெல்லாக். கார்னூபா ஒரு பனை இலையிலிருந்து வருவது. கடைசியாகச் சொன்ன ஷெல்லாக் நம்ம அரக்குதான், அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. கலர் கலராகப் பளபளக்கும் சாக்லேட் பொத்தான்கள் மேல் அந்தப் பளபளப்புக்காக இதைப் பூசுவது உண்டு. மூலப்பொருள் பட்டியலில் 'கிளேசிங் ஏஜென்ட் 904' என்று இருக்கும். பச்சைப் புள்ளியோடுதான் விற்பார்கள், அதில் சட்ட மீறல் இல்லை. ஆனால் அதே பொத்தானில் சிவப்பு நிறத்துக்குக் கார்மைன், அதாவது உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச எண்வரிசையில் ஐஎன்எஸ் 120 சேர்த்தால், அது பூச்சியையே உலர்த்தி எடுப்பது என்பதால் பழுப்பு முக்கோணம் வந்துவிடும். இரண்டும் பூச்சி சம்பந்தப்பட்டவை, ஒன்று மட்டும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அத்தையிடம் இதைச் சொன்னபோது, தேனும் பாலும் சாப்பிடுகிறவள் அரக்குக்கும் கணக்குப் பார்க்கப் போவதில்லை என்றார். அவருக்கு அது சரி. இன்னொருவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அடுத்தது, அந்தப் புள்ளியை யார் போடுகிறார்கள் என்பது. ஒவ்வொரு பாக்கெட்டையும் அரசு ஆய்வகத்தில் சோதித்துவிட்டுப் போடும் முத்திரை அது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அப்படி இல்லை. தயாரிப்பவர் தன் பொருளைப் பற்றித் தானே செய்யும் அறிவிப்பு அது. பொய்யாகப் போட்டால் சட்டப்படி குற்றம், அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதிக்கலாம், ஆனால் விற்பனைக்கு வரும் முன் யாரும் சரிபார்த்து ஒப்புதல் தருவதில்லை. பெரும் சிக்கல் வருவது, நிறுவனமே வெளியில் வாங்கும் சேர்க்கைப் பொருட்களில்தான். மசாலா சிப்ஸில் சுவை கூட்டச் சேர்க்கும் ஐஎன்எஸ் 631 ஒரு உதாரணம். மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கலாம், மரவள்ளி மாவை நொதிக்க வைத்தும் எடுக்கலாம். எண் ஒன்றேதான். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இதே எண்ணை எடுத்துச் சொல்லி, வெறும் குறியீட்டு எண் போதாது, ஒவ்வொரு மூலப்பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் செய்ததா என்பதையும் அளவு எவ்வளவானாலும் வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் இப்போது 631, 627, 471 போன்ற எண்களைப் பார்த்தால் பக்கத்தில் மூலம் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாக்கெட்டில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்குக் கேட்கலாம், நான் கேட்டிருக்கிறேன்.

இனி மறுபக்கத் தவறு. எனக்கு வாணியம்பாடியில் ஒரு முஸ்லிம் தோழி, கல்லூரியில் கூடப் படித்தவள். "பச்சைப் புள்ளி இருந்தா எங்களுக்கும் ஓகேதான்டீ, கறி இல்லல்ல" என்று பல வருடமாக அவளும் வாங்கிக்கொண்டிருந்தாள், நானும் அதையேதான் நம்பினேன். பச்சைப் புள்ளி மதுவைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. வெனிலா எசென்ஸ் ஆல்கஹாலில் கரைத்ததாக இருக்கலாம். கேக்கின் மூலப்பொருள் பட்டியலில் 'சுவையூட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் அது அடங்கிவிடலாம். சாராயமும் தாவரத்திலிருந்து வருவதுதானே, ஆகவே பச்சைப் புள்ளிக்கோ, பால், தேன் உட்பட விலங்கிலிருந்து எதுவுமே வராத உணவுக்கான வீகன் முத்திரைக்கோ அது தடையில்லை. ஹலால் சான்று தருபவர்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் உண்டு: சுவையூட்டியின் கரைப்பான் என்ன, நொதி எங்கிருந்து, கொழுப்பு எது, அதே இயந்திரத்தில் பன்றிப் பொருள் ஏதாவது ஓடியதா, ஓடியிருந்தால் எப்படிக் கழுவினீர்கள். எசென்ஸில் மிஞ்சும் துளி ஆல்கஹாலை ஏற்பதா என்பதில் அவர்களுக்குள்ளேயே வேறுபாடு உண்டு.

அதே பிறந்தநாளுக்கு வாங்கிய மார்ஷ்மல்லோ பாக்கெட்டில் பழுப்பு முக்கோணமும் ஹலால் முத்திரையும் சேர்ந்து இருந்தன. உள்ளே ஜெலட்டின். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் ஷெட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, விலங்கின் தோலையும் எலும்பையும் பதப்படுத்திக் காய்ச்சி எடுப்பதுதான் ஜெலட்டின். பழுப்பு முக்கோணம் அது விலங்கு என்று மட்டும் சொல்கிறது. மாடா, பன்றியா, எப்படி அறுத்தது என்பதற்கு அதில் பதில் கிடையாது. அந்த இடத்தில்தான் ஹலால் முத்திரை உண்மையில் புதிதாக ஒரு தகவல் தருகிறது. ஆனால் மாட்டு ஜெலட்டின் ஹலாலாக இருக்கலாம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும், மாடு சாப்பிடாத வீடுகளுக்கு ஹலால் முத்திரை அந்த விஷயத்தில் உதவாது.

ஹலால் முத்திரையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் நாம் கடையில் வாங்கும் பொருளுக்கு, பச்சைப் புள்ளியைப் போல உணவு ஆணையம் கட்டாயமாக்கிய ஒரே ஹலால் குறி இல்லை. தனியார் அமைப்புகளும் அறக்கட்டளைகளும் தருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனி வட்டம், தனி எழுத்து. எந்த ஆலையில் செய்த எந்தப் பொருளுக்கு, எந்தத் தேதிவரை என்று சான்றிதழில் இருக்கும். அதே நிறுவனத்தின் எல்லாப் பொருளுக்கும் அது நீளாது. இயந்திரத்தால் அறுப்பது, அறுக்கும் முன் மயக்கமடையச் செய்வது போன்றவற்றில் அமைப்புக்கு அமைப்பு விதி மாறும். கார்மைனை இந்தோனேசிய உலமா சபை அனுமதித்திருக்கிறது, இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபியைச் சேர்ந்த பல அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே வெறும் 'ஹலால்' என்ற சொல் மட்டும் அச்சிட்டு, யார் சான்று தந்தார்கள் என்ற பெயரே இல்லையென்றால், அதைத் தயாரித்தவரின் சொந்தப் பேச்சாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் இருந்தால் அந்த அமைப்பிடம் கேட்டு உறுதி செய்யலாம். உப்பு, சர்க்கரை, எண்ணெய் எவ்வளவு, உடம்புக்கு நல்லதா என்பதெல்லாம் ஹலால் முத்திரையின் வேலையே இல்லை.

வீகனுக்கு வருவோம். அண்ணன் மகன் ஒரு வருடமாக வீகன். அவனுக்காகப் பச்சைப் புள்ளி போட்ட பொருளை நாங்கள் வாங்கி வைத்து, அவன் பின்பக்கம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது பல முறை, பால் பவுடர் இருக்கும், தேன் இருக்கும். 2022 வீகன் உணவு விதிகள் பச்சைப் புள்ளியைவிட ஒரு படி ஆழமாகப் போகின்றன. மூலப்பொருள் மட்டுமில்லை, சேர்க்கைப் பொருள், நொதி, செய்முறையில் உதவிக்குப் பயன்படுத்தி நீக்கிவிடும் பொருள் எதுவும் விலங்கிலிருந்து வரக் கூடாது. பழச்சாற்றின் கலங்கலைத் தெளியவைக்க ஜெலட்டின் போட்டு, பிறகு வடிகட்டி எடுத்துவிடுவதும் ஒரு முறை. புட்டியில் அது பட்டியலில் தெரியாது, ஆனால் வீகன் விதிப்படி அது கூடாது. இந்த முத்திரைக்கு உணவு ஆணையத்திடம் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பச்சைச் சதுரத்துக்குள் ஒரு V, அதன் நுனியில் இலை, கீழே VEGAN என்ற சொல். 'பிளான்ட் பேஸ்டு' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இந்தச் சின்னம் இல்லாமல் வந்தால், முன்பக்கத்தை நம்பாமல் பட்டியலைப் படியுங்கள்.

இப்போது நான் செய்ய இருந்த தவறு. மகளின் வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் ஒவ்வாமை, வாயில் பட்டாலே முகம் வீங்கிவிடும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். நல்லபடியாக யோசித்து அவளுக்கென்றே வீகன் சாக்லேட் வாங்கினேன். எல்லாவற்றையும் அடுக்கும்போதுதான், பின்பக்கம் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் 'மே கன்டெய்ன் மில்க்' என்று இருந்ததைப் பார்த்தேன். முத்திரை பொய்யில்லை. பால் சேர்க்கவில்லை, ஆனால் பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் இதுவும் ஓடுகிறது. சுத்தம் செய்துவிட்டு ஓட்ட விதி அனுமதிக்கிறது. நெறிப்படி பால் வேண்டாம் என்பவருக்கு அந்தச் சுத்தம் போதும். ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இயந்திரத்தின் மூலையில் ஒட்டிய துளியே போதும். மூன்று முத்திரையில் எதுவும் ஒவ்வாமைக்கான உறுதி இல்லை. அதற்குப் பார்க்க வேண்டியது 'கன்டெய்ன்ஸ்', 'மே கன்டெய்ன்' என்று தொடங்கும் வரிகளைத்தான். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் ஆகியவை சேர்ந்திருந்தால் சொல்ல வேண்டும் என்பது விதி. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை, அவை ஒத்துக்கொள்ளாதவர்கள் முழுப் பட்டியலையும்தான் படிக்க வேண்டும்.

அந்தச் சாக்லேட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, இரவு ஒன்பதரைக்கு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "எதுவும் வாங்காதீங்க அக்கா, மாதுளையை உரிச்சு ஒரு தனிக் கிண்ணத்துல வெச்சிடுங்க, கரண்டியும் தனியா" என்றார்.