புள்ளி நீளத்தைக் குறைக்கும், சத்தத்தைக் கூட்டாது

கீபோர்டு பழகத் தொடங்கியவர்கள் சுரத்தைச் சுருக்கி வாசிக்கச் சொல்லும் ஸ்டக்காட்டோ புள்ளியைப் பார்த்ததும் கட்டையை ஓங்கித் தட்டுவார்கள். நானும் பல மாதம் அப்படித்தான் வாசித்தேன். அந்தப் புள்ளிக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை. சத்தத்தைச் சொல்வது கீழே எழுதியிருக்கும் எழுத்துகள்: மெதுவான சத்தத்துக்கு p, உரத்த சத்தத்துக்கு f என்பது போல.

நான்கே சுரங்களில் இதைப் பழகலாம். வலது கைக் கட்டைவிரலை ஸ-வில் வைத்து ஸ ரி க ம என்று அடுத்தடுத்த நான்கு வெள்ளைக் கட்டைகள், சுரத்துக்கு ஒரு அடி. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஓர் அடிக்கு ஒரு நொடி. பெடலில் கால் வேண்டாம், மிதித்தால் வெட்டிய சுரமும் நீண்டு ஒலிக்கும்.

முதலில் p, அதாவது மெதுவான சத்தத்தில் நான்கையும் வாசியுங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறாத கீபோர்டு என்றால் p-க்கும் f-க்கும் வேறுபாடு கேட்காது.

அடுத்து, சுரத்தின் தலைக்கு மேலோ கீழோ புள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். (பக்கத்தில் இருந்தால் அது வேறு, நீளத்தைப் பாதி கூட்டும்.) இப்போது ஒவ்வொரு சுரமும் சுமார் அரை நொடி ஒலித்து, மீதி அரை நொடி மௌனமாக இருக்க வேண்டும். விரல் சீக்கிரம் எழுந்துவிடுவதால் அடுத்த சுரத்துக்கும் சீக்கிரம் ஓடத் தோன்றும். ஓடினால் மெட்ரோனோம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த மௌனத்தையும் எண்ணிக்கொண்டே வாசிப்பதுதான் வழி. சத்தம் இன்னும் p-தான்.

அடுத்தது லெகாட்டோ, அதாவது இடைவெளி விடாமல் சேர்த்து வாசிப்பது. இதற்கு நான்கு சுரங்களையும் ஒரு வளைகோடு சேர்க்கும். ரி இறங்கும் அதே கணத்தில் ஸ எழ வேண்டும். இடைவெளி கேட்டால் முன்கூட்டியே தூக்கிவிட்டீர்கள். இரண்டும் கலங்கிக் கேட்டால் தாமதமாகத் தூக்குகிறீர்கள்.

சரி, இப்போது க-வின் மேல் மட்டும் > குறி போடுங்கள். இதுதான் ஆக்சென்ட். இது சுற்றியிருக்கும் சத்தத்தோடு ஒப்பிட்டுத்தான்: p-யில் வரும் ஆக்சென்ட், f அளவுக்குப் போகக் கூடாது, பக்கத்துச் சுரங்களை விடச் சற்று எடுப்பாக இருந்தால் போதும். கையை உயர்த்தாமல், அந்த ஒரு கட்டையை மட்டும் கொஞ்சம் வேகமாக இறக்குங்கள். பலரும் தடுமாறுவது அதற்கு அடுத்த சுரத்தில்தான். க-வின் வேகம் கையில் தங்கி, ம-வும் சத்தமாக வந்துவிடும். ம மறுபடி p-க்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் ஆக்சென்ட் இருந்ததே தெரியாது.

கடைசியாக வளைகோட்டையும் > குறியையும் சேர்த்து வாசித்து, போனில் பதிவு செய்து கேளுங்கள். க-வுக்கு முன்னால் சின்ன வெட்டு கேட்கிறதா? அழுத்துவதற்காக விரலை ஓங்கியிருக்கிறீர்கள். ரி-யைப் பிடித்தபடியே க-வை இறக்கிப் பாருங்கள், வெட்டு போய்விடும்.